ஏறும் பங்கில் கூட்டுவது: சம அளவா, பாதி அளவா?

சிங்கப்பூர் தேக்காவில் தேநீர் குடிக்கும்போது நண்பர் கேட்டார்: "அண்ணே, வாங்கின பங்கு ஏறுது, இன்னும் அதே அளவு போடவா, பாதி போதுமா?" அவர் 10 வெள்ளிக்கு 1000 பங்கு வாங்கி, விலை 9.50-க்கு இறங்கினால் விற்றுவிடும்படி ஸ்டாப் வைத்திருந்தார். அதாவது 500 வெள்ளி போனால் போகட்டும் என்ற கணக்கு. இப்போது விலை 10.60. கூட்டினால் ஸ்டாப்பை 10.10-க்கு ஏற்றுவார்.

சராசரி விலை
சம அளவு (1000): 10.30
பாதி (500): 10.20

10.10-இல் வெளியேறினால்
சம அளவு: 400 வெள்ளி நட்டம்
பாதி: 150

இரண்டுமே 500-க்குள்தான், சரி. ஆனால் மறுநாள் சந்தை 9.80-இல் திறந்தால் ஸ்டாப் 10.10-இல் நிற்காது, கிடைத்த விலைக்குத்தான் விற்கும். அப்போது சம அளவில் 1000 போகும், பாதியில் 600. ஸ்டாப்பை ஏற்றாமல் கூட்டினால் இன்னும் மோசம்: சம அளவில் 9.50-இலேயே 1600.

11.50 வரை போனால்
சம அளவு: 2400 லாபம்
பாதி: 1950

இறங்கும்போதும் சிறிது சிறிதாக விற்கலாம். ஒரு தடவைக்கான குறைந்தபட்ச அளவான லாட் 2015-இல் இங்கே 100 பங்காகக் குறைந்தது, அதனால் பிரிப்பது சுலபம். ஆனால் ஒவ்வொரு தடவையும் குறைந்தபட்சக் கமிஷன் கடிக்கும் (சின்னக் கணக்குக்கு இது வலிக்கும்).

இரவில் முடிவுகள் அறிவிக்கும் நிறுவனம் என்றால் பாதிதான். நிதானமாக நகரும் பங்கு, ஸ்டாப்பை அன்றே ஏற்றும் பழக்கம் இரண்டும் இருந்தால் சம அளவு போடலாம். நண்பருக்கு 500 பங்குதான் சொன்னேன்.