மெயின்டனன்ஸ் தாள்: எதை வீட்டுக்கணக்கில் போடுவது, எதைச் சதுர அடிக்கணக்கில் போடுவது?

கடலூரில் மஞ்சக்குப்பம், செம்மண்டலம் பக்கமிருக்கும் சிறிய அடுக்குமாடிகளில் பொதுக்குழு கூடினால் முதல் சண்டை இதில்தான் கிளம்பும். சின்ன வீட்டுக்காரர் சதுர அடிக்கணக்கு வேண்டும் என்பார், பெரிய வீட்டுக்காரர் எல்லோருக்கும் சமமாகப் போடுங்கள் என்பார். தாளில் இருக்கும் எல்லாச் செலவையும் ஒரே விதியில் அடக்கப் பார்ப்பதால்தான் இந்த இழுபறி முடிவதேயில்லை.

ஒரு மாதிரிக் கட்டடத்தை எடுத்துக்கொள்வோம். கீழே கார் நிறுத்தம், மேலே நான்கு மாடி, ஒரு லிஃப்ட், 16 வீடுகள். அதில் 700 சதுர அடி வீடு எட்டு, 1,000 சதுர அடி வீடு நான்கு, 1,350 சதுர அடி வீடு நான்கு. மொத்தம் 15,000 சதுர அடி. மாத நடப்புச் செலவு இப்படி வருகிறது: வாட்ச்மேன் 14,000, துப்புரவு 6,000, லிஃப்ட் வருட ஒப்பந்தத்தின் மாதப் பங்கு 3,500, பொது மின்சாரம் 7,500, தொட்டி கழுவுதலும் கழிவுநீர் வேலையும் 2,000, சில்லறைப் பழுது 3,000. கூட்டினால் 36,000 ரூபாய். தமிழ்நாட்டில் மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், 15,000 ரூபாய் பில்லைப் பாதியாக்கித்தான் மாதத் தாளில் எழுத வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஒரு மாதம் உபரி, மறுமாதம் பற்றாக்குறை என்று தாள் வீணாகப் பயமுறுத்தும்.

அடுத்து சிங்கிங் ஃபண்ட். சில இடங்களில் கார்பஸ் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். ஆனால் வீடு வாங்கும்போது பில்டர் ஒரே தடவையில் வாங்கும் கார்பஸ் தொகை வேறு, பெரிய வேலைகளுக்கென்று மாதாமாதம் சேர்க்கும் இந்த நிதி வேறு. எவ்வளவு சேர்ப்பது என்பதற்கு நேரான வழி: வரப்போகும் பெரிய வேலை ஒவ்வொன்றின் மதிப்பையும் அது வர ஆகும் மாதங்களால் வகுப்பது. நம் கட்டடத்தில் வெளிச்சுவர்ப் பூச்சும் பெயின்டும் 6 லட்சம், 5 ஆண்டுக்கு ஒருமுறை, எனவே மாதம் 10,000. மொட்டை மாடி நீர்க்கசிவுத் தடுப்பு 3,60,000, 8 ஆண்டு, மாதம் 3,750. லிஃப்ட் மாற்றம் 15 லட்சம், 20 ஆண்டு, மாதம் 6,250. மோட்டாரும் குழாய்களும் 1,50,000, 5 ஆண்டு, மாதம் 2,500. மொத்தம் மாதம் 22,500. தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் கட்டடத்துக்கு உள்ளூர் ஒப்பந்தக்காரரிடம் மதிப்பீடு வாங்கிப் போடுங்கள். கடலுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆண்டுக்கணக்கைக் குறைத்துப் போடுவது நல்லது. தேவனாம்பட்டினம் பக்கம் உப்புக்காற்று கம்பியில் துருவேற்றி, துரு உப்பி, காங்கிரீட்டைப் பிளந்துகொண்டு வரும். கடலைவிட்டுத் தள்ளி இருக்கும் கட்டடத்தின் அட்டவணை அங்கே செல்லாது.

இப்போது நடப்புச் செலவும் சிங்கிங் ஃபண்டும் சேர்ந்த மாதம் 58,500 ரூபாயை மூன்று விதமாகப் பிரித்துப் பார்க்கலாம்.

| வீட்டின் அளவு | எல்லாம் சமம் | எல்லாம் சதுர அடி | கலப்பு முறை |
|---|---|---|---|
| 700 ச.அடி | 3,656.25 | 2,730 | 3,300 |
| 1,000 ச.அடி | 3,656.25 | 3,900 | 3,750 |
| 1,350 ச.அடி | 3,656.25 | 5,265 | 4,275 |

கலப்பு முறையில் நடப்புச் செலவு 36,000 ரூபாய் 16 வீட்டுக்கும் சமமாகப் பிரிந்து வீட்டுக்கு 2,250 ஆகிறது. சிங்கிங் ஃபண்ட் சதுர அடிக்கு 1.50 வீதம் போகிறது. இதற்குக் காரணம் உண்டு. வாட்ச்மேன் காவல் காக்கும் கேட் ஒன்றுதான். 1,350 சதுர அடி வீட்டில் வயதான இருவர் மட்டும் இருக்க, 700 சதுர அடி வீட்டில் ஆறு பேர் இருந்தால் லிஃப்டையும் மோட்டாரையும் அதிகம் ஓட்டுவது சின்ன வீடுதான். ஆகவே நடப்புச் செலவைச் சதுர அடியில் போடுவதற்கு வலுவான காரணம் இல்லை. பெரிய வேலைகள் அப்படியில்லை. அவை காப்பாற்றுவது சொத்தின் மதிப்பை. அந்த மதிப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைக் கிரயப் பத்திரத்தில் உள்ள பிரிவுபடாத நிலப் பங்கு சொல்லிவிடுகிறது, அது பெரும்பாலும் சதுர அடியை ஒட்டியே வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: சிலருக்கு வீட்டுக்குள் புழங்கும் இடம் மட்டுமான கார்ப்பெட் ஏரியா, சிலருக்குப் பொதுப் பங்கும் சேர்த்த ஏரியா என்று கலந்து போடாதீர்கள். எல்லோருக்கும் பத்திரத்தில் உள்ள ஒரே வகை அளவு.

ஒப்பிட்டுப் பார்க்க மகாராஷ்டிரக் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரித் துணைவிதி உதவும். அங்கேயும் காவல், துப்புரவு போன்ற சேவைக் கட்டணம் எல்லா வீட்டுக்கும் சமம். சிங்கிங் ஃபண்ட் வீட்டின் கட்டுமானச் செலவில் ஆண்டுக்குக் குறைந்தது 0.25 சதவீதம், பழுதுபார்ப்பு நிதி 0.75 சதவீதம், நில விலை இதில் சேராது. நம் 700 சதுர அடி வீட்டின் கட்டுமானச் செலவு 14 லட்சம் என்று வைத்தால் இரண்டும் சேர்ந்து ஆண்டுக்கு 14,000, மாதம் 1,167 வரும். நாம் வேலைப் பட்டியல் போட்டுக் கண்டது 1,050. அந்த விதி இங்கே கட்டுப்படுத்தாது, ஆனால் நம் கணக்கு ஊருக்கு ஒவ்வாததல்ல என்று காட்டுகிறது. சதுர அடிக்கு 25 பைசா, 30 பைசா என்று பெயருக்குச் சேர்க்கும் சங்கங்கள் பெயின்ட் அடிக்கும் வருடத்தில் வீட்டுக்கு முப்பதாயிரம் கேட்டு நிற்பது இதனால்தான்.

தாமத அபராதத்தில் போட்டி இரண்டு முறைகளுக்கு இடையே: மாதம் 100 ரூபாய் என்ற நிலையான அபராதம், அல்லது பாக்கியின் மேல் மாதம் 1.5 சதவீதத் தனி வட்டி. 700 சதுர அடி வீட்டுக்காரர் ஆறு மாதம் கட்டவில்லை, 19,800 பாக்கி. நிலையான அபராதத்தில் அவர் தருவது 600. தனி வட்டியில் முதல் மாதத் தொகைக்கு ஆறு மாத வட்டி, இரண்டாவதற்கு ஐந்து என்று இறங்கிவரும், ஆக 21 மாத வட்டி, 1,039.50. நிலையான அபராதத்தின் கோளாறு தொகையில் மட்டும் இல்லை. பத்தாம் தேதிக்குப் பதில் பன்னிரண்டாம் தேதி கட்டியவருக்கு அது 3 சதவீதச் சூடு. ஆறாவது மாதத்திலோ 19,800 பாக்கிக்கு அதே நூறு, அரை சதவீதம்தான். இரண்டு நாள் பிந்தியவரைச் சுடுகிறது, வேண்டுமென்றே இழுப்பவருக்கு மலிவு வட்டிக் கடனாகிவிடுகிறது.

வட்டிக்கு வட்டி போட்டால் மிரளுவார்கள் என்று நினைக்கும் பொருளாளர்கள் உண்டு. அதே ஆறு மாதத்துக்குக் கூட்டு வட்டி 1,065.88. கூடுதலாகக் கிடைப்பது 26 ரூபாய், கிளம்பும் வாக்குவாதமோ ஆறு மாதத்துக்குக் காணும். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் ஏற்கும் என்பதால் மிஞ்சிய விகிதம் நீதிமன்றத்தில் நிற்காமலும் போகலாம். தனி வட்டி, பொதுக்குழுத் தீர்மானத்தில் எழுதிய விகிதம், அது போதும். பல தாள்களில் யாரும் வேண்டுமென்று போடாமலே வட்டிக்கு வட்டி நுழைந்துவிடுகிறது. முந்தைய பாக்கி என்ற ஒரே கட்டத்தில் சென்ற மாத அபராதமும் கலந்திருக்க, அதன் மேலேயே இந்த மாத வட்டி ஓடும். அசல் பாக்கிக்கு ஒரு கட்டம், வட்டிப் பாக்கிக்கு வேறு கட்டம் வைத்து, C5 கட்டத்தில் அசலை மட்டும் எழுதினால் இந்த மாத வட்டிக்கு இந்தச் சூத்திரம் போதும்:

```
=ROUND(C5*1.5%,0)
```

பாக்கி சிங்கிங் ஃபண்டை எப்படித் தின்கிறது என்பது தாளை மட்டும் பார்த்தால் தெரியாது. 700 சதுர அடி வீட்டுக்காரர்கள் இருவர் ஆறு மாதம் கட்டவில்லை என்றால் நடப்புச் செலவில் 27,000, நிதியில் 12,600, மொத்தம் 39,600 துண்டு விழும். வாட்ச்மேன் சம்பளத்தை நிறுத்த முடியாதே, அதனால் பொருளாளர் மற்றவர்கள் கட்டிய நிதிப் பணத்திலிருந்து எடுத்துக் கொடுப்பார். தாள் 1,35,000 சேர்ந்ததாகச் சொல்லும், கையில் 95,400 இருக்கும். கண்டுபிடிக்க எளிய வழி, நிதிக்குத் தனி வங்கிக் கணக்கு வைத்து, அதன் இருப்பும் வைப்புத்தொகையும் தாளில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா என்று மாதக் கடைசியில் பார்ப்பது. பொருந்தாவிட்டால் அந்த வித்தியாசத்தை 'நிதியிலிருந்து எடுத்த கடன்' என்று தாளிலேயே எழுதிவிட வேண்டும்.

பாக்கிதாரர் பட்டியலிலும் இரண்டு வகை உண்டு. '7-ம் எண் வீடு, 19,800' என்று மொத்தம் மட்டும் போடுவது ஒன்று. எந்த மாதத்திலிருந்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, மூன்று மாதத்துக்கு உட்பட்டதா, ஒரு வருடம் தாண்டியதா என்று வயதுவாரியாகப் போடுவது இன்னொன்று. இரண்டாவதுதான் உதவும். 1963-ம் ஆண்டு காலவரையறைச் சட்டத்தின்படி இத்தகைய பண பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் கெடு. கெடு முடிவதற்குள் அவர் பாக்கியை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அன்றிலிருந்து புதிதாக எண்ணலாம். மொத்தமாகப் போட்ட பட்டியலில் எந்த மாதம் கைவிட்டுப் போகப்போகிறது என்பதே தெரியாது.

வரவு வைப்பதில் ஒரு நுணுக்கம். ஏப்ரலிலிருந்து பாக்கி வைத்தவர் ஜிபேயில் 3,300 அனுப்பி 'அக்டோபர் மெயின்டனன்ஸ்' என்று குறிப்பெழுதினால், அதை ஏற்றுக்கொண்ட பிறகு ஏப்ரலில் கழிக்கக் கூடாது. கட்டுபவர் குறிப்பிட்ட கடனுக்கே வரவு என்று ஒப்பந்தச் சட்டத்தின் 59-வது பிரிவு சொல்கிறது. குறிப்பு ஏதும் இல்லாமல் வந்தால் பழைய பாக்கியில் கழிக்கலாம். ஆக அவருடைய ஏப்ரல் பாக்கி பட்டியலில் அப்படியே நின்று வயதாகிக்கொண்டிருக்கும், உடனே அதற்கென்று தனி நோட்டீஸ் போக வேண்டும்.

பட்டியலை லிஃப்ட் பக்கத்தில் பெயரோடு ஒட்டுவதா, பொதுக்குழு அழைப்போடு உரிமையாளர்களுக்கு மட்டும் அனுப்புவதா என்றால் பின்னதே மேல். ஒட்டிய தாளில் ஒரு எண் தப்பானாலும் மானநஷ்டப் பேச்சு வரும், விருந்தாளியும் கூரியர்காரரும் படிப்பார்கள். வீட்டு எண், தொகை, 'இந்தத் தேதி வரை வங்கிக்கு வந்தவை கழித்து' என்ற வரி, பொருளாளர் கையெழுத்து, இவ்வளவு இருந்தால் போதும். தண்ணீரை அடைக்கிறோம் என்று இறங்கினால் கேள்வி சங்கத்தின் மேல் திரும்பும், பாக்கி பின்னுக்குப் போய்விடும். வாடகைக்கு இருப்பவர் கட்டாவிட்டாலும் பட்டியலில் வர வேண்டியது உரிமையாளரின் வீடு. விற்காமல் பில்டர் கையில் இருக்கும் வீடுகளையும் அதே வரிசையில் எழுதுங்கள். பல தாள்களில் அந்த இரண்டு மூன்று எண்களுக்கு எதிரே மட்டும் கட்டம் காலியாக இருக்கும், மாதத் துண்டில் பாதி அங்கேதான் கிடக்கும்.