டெஸ்டிமோனியல் எழுதித் தர்றோம்னு வர்ற ஏஜென்சிகிட்ட உஷாரா இருங்க

சின்னதா சோலார் மாட்டுற தொழில் பண்றவங்க, இல்ல வேற சர்வீஸ் பண்றவங்க யாரா இருந்தாலும் இத படிச்சிடுங்க. எங்களுக்கு வெப்சைட் போட்டுக் குடுத்த ஏஜென்சி (பேரு வேணாம்) கஸ்டமர் வாய்ஸ் நோட்ட எல்லாம் அனுப்புங்க சார், நாங்க ஷார்ட் பண்ணி போட்டுக்கறோம்னாங்க. போடறதுக்கு முன்னாடி எனக்குக் காட்டணும்னு பேசித்தான் வேலைய குடுத்தேன். காட்டவே இல்ல. ரிட்டயர்ட் வாத்தியார் ஒருத்தர் எங்க கஸ்டமர், அவரே போன் பண்ணி "ஏன்யா, நான் எப்பய்யா இப்படி பேசுனேன்"னு கேட்டப்பதான் வெப்சைட்ட போய் பாத்தேன்.

அவர் போட்டோவுக்குக் கீழ இருந்தது இது: "சோலார் போட்டதும் என் மின்கட்டணம் 5000 ரூபாயிலிருந்து 1100 ரூபாயாகக் குறைந்தது! பராமரிப்பே தேவையில்லை. மிகச் சிறந்த சேவை!"

அவர் பேசுன வாய்ஸ் நோட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல இருக்கும், மருமகன் சொல்லித்தான் போட்டேன்னு ஆரம்பிச்சு ஊர் கதையெல்லாம் வரும், அதெல்லாம் வெட்டலாம் தப்பே இல்ல. விஷயம் இருக்குற இடம் இதுதான்: "போன வருஷம் ஏப்ரல் மே ரெண்டு மாச பில்லு ஐயாயிரம் கிட்ட வந்துச்சு, இந்த வருஷம் அதே ரெண்டு மாசம் ஆயிரத்து நூறு. ஆனா சொல்லணும்ல, நடுவுல பழைய ஏசியவும் மாத்திட்டோம், அதுலயும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும். நெட் மீட்டர் வர்றதுக்கு ரொம்ப லேட்டாச்சு, ஆனா எப்ப போன் பண்ணாலும் பசங்க எடுத்தாங்க. தூசி அடைஞ்சா நம்மதான் தண்ணி ஊத்தி கழுவிக்கணும்."

இப்ப ரெண்டையும் பக்கத்துல வச்சு பாருங்க. நம்பர் ரெண்டும் அவர் சொன்னதுதான், அதுல பொய் இல்ல. ஆனா ஏசி மாத்துனத தூக்கிட்டதுல மொத்த கொறவும் சோலாராலதான்னு ஆயிடுச்சு. ஏப்ரல் மே-ங்கறது போயிட்டதால வருஷம் முழுக்க 1100தான்னு படிக்கிறவன் நினைப்பான். அவர் வீட்டுல மாட்டுனது 2 கிலோவாட், நல்ல வெயில்ல ஒரு நாளைக்கு சுமாரா எட்டு யூனிட் வரும், ஐப்பசி கார்த்திகை மழையில அது எங்க வரப்போகுது! ரெண்டு மாச பில்லுங்கறதும் காணோம், அதனால சிலர் மாச பில்லுன்னுகூட எடுத்துக்குவாங்க. இத நம்பி மாட்டுறவர் டிசம்பர் பில்லோட யார் வாசல்ல வந்து நிப்பார்? ஏஜென்சி வாசல்லயா?

பராமரிப்பு லைன் அதவிட மோசம், அவர் கழுவணும்னு சொன்னத அப்படியே தலைகீழா ஆக்கிட்டாங்க. லேட்டாச்சுங்கறத வெட்டிட்டு போன் எடுத்தாங்கங்கறத மட்டும் எடுத்து "மிகச் சிறந்த சேவை"ன்னு ஊதிட்டாங்க. "சொல்லணும்ல"ன்னு பேசுற மனுஷன் "குறைந்தது!"ன்னு ஆச்சரியக்குறி போட்டு பேசுவாரா, அவர தெரிஞ்ச யாரும் நம்ப மாட்டாங்க.

கேட்டா "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க, இடம் பத்தாது"ங்கறாங்க. இடம் பத்தாதுங்கறது சும்மா. நானே உக்காந்து வெட்டுனது இது: "போன வருஷம் ஏப்ரல் மே ரெண்டு மாச பில்லு ஐயாயிரம் கிட்ட வந்துச்சு, இந்த வருஷம் ஆயிரத்து நூறு... பழைய ஏசியவும் மாத்திட்டோம், அதுலயும் கொஞ்சம் கொறஞ்சிருக்கும். நெட் மீட்டர் வர்றதுக்கு ரொம்ப லேட்டாச்சு, ஆனா எப்ப போன் பண்ணாலும் பசங்க எடுத்தாங்க." கீழ சின்னதா 2 கிலோவாட்னு போட்டேன். கழுவுற லைன விட்டுட்டேன், ஏன்னா அது இல்லாததால மத்தது எதுவும் மாறல, பராமரிப்பு பத்தி நாமளும் எதுவும் சொல்லல. ஏசி லைன அப்படி விட முடியாது, பில்லு நம்பர் நிக்கிறதே அதோட சேந்துதான். ஒரு வரிய எடுத்துட்டா பக்கத்து வரியோட அர்த்தம் பெருசாகுதான்னு பாருங்க, ஆச்சுன்னா ரெண்டையும் வைக்கணும், இல்ல ரெண்டையும் தூக்கணும். வார்த்தைய மாத்தாதீங்க, வெட்டுங்க, நடுவுல பெருசா வெட்டுன எடத்துல புள்ளி வைங்க. வெட்டுனத சாருக்கு வாட்ஸ்அப்ல அனுப்பி ஓகே வாங்கி, அந்த மெசேஜயும் ஒரிஜினல் ஆடியோவையும் சேத்து வச்சிருக்கேன்.

இது வெறும் மனசாட்சி விஷயம்னு நினைக்காதீங்க. தப்பான விளம்பரம் பத்தி 2022ல சென்ட்ரல் கன்ஸ்யூமர் புரொடெக்‌ஷன் அத்தாரிட்டி கொண்டு வந்த விதிமுறையில, ஒருத்தர் சிபாரிசு பண்றதா போட்டா அது அவரோட உண்மையான கருத்தா இருக்கணும்னு தெளிவா இருக்கு.

அட்வான்ஸ திருப்பி கேட்டேன், வேலை முடிஞ்சிருச்சுன்னு தர மறுத்துட்டாங்க. மத்த டெஸ்டிமோனியல எல்லாம் இறக்கிட்டு ஒவ்வொண்ணா ஆடியோவோட ஒத்துப் பாத்துட்டிருக்கேன், பாத்த வரைக்கும் எல்லாத்துலயும் "ஆனா"வுக்கு அப்புறம் வர்றதத்தான் வெட்டியிருக்காங்க. நீங்க ஏஜென்சிகிட்ட குடுத்திருந்தா இன்னைக்கே ஒரிஜினல எடுத்து வச்சு அந்த "ஆனா"வ தேடிப் பாருங்க.