போட்டோவில் வந்த காணிப் படம்: பரப்பளவு பார்க்க எந்த வழி?

கொழும்பில் காணி தேடுபவர்களுக்குப் படம் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. தரகர் மேசையில் பிளானை விரித்து, சற்றுச் சாய்வாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுவார். தெஹிவளைப் பக்கம் அக்கா குடும்பத்துக்காக நாங்கள் பார்த்த காணியின் படமும் அப்படித்தான் வந்தது. பரப்பளவும் அளவிடையும் எழுதியிருந்த கீழ்ப்பகுதி போட்டோவில் விழவில்லை. ஐந்து பக்கங்களின் நீளம் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தரகர் சொன்ன கணக்கு சரிதானா என்று பார்க்க எனக்கு மூன்று வழிகள் இருந்தன. நான் முக்கோணங்களைத் தேர்ந்தெடுத்தேன். இன்றும் அதன் பக்கம்தான் நிற்கிறேன்.

படத்தை வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். வீதிப் பக்கம் அ–ஆ 12.00 மீட்டர். வலது மதில் ஆ–இ 28.02. பின்பக்கம் இ–ஈ 13.15. இடது எல்லை நேராக இல்லை, நடுவில் உ என்ற இடத்தில் கொஞ்சம் வெளியே வளைகிறது: ஈ–உ 14.20, உ–அ 16.00.

முதல் வழி, எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவது. தரகர்கள் கையில் இருப்பது இதுதான். இடது எல்லையை 30.20 என்று வைத்துப் பெருக்கினால் 366 சதுர மீட்டர் வருகிறது. உண்மையில் இருப்பதைவிட அது ஏறத்தாழ 0.9 பேர்ச் குறைவு. நாலு பக்கக் காணி என்றால் இதே வழி எப்போதும் கூட்டித்தான் காட்டும். செவ்வகமாக இருந்தால் மட்டுமே சரியாக வரும். இதைப் பற்றி இதற்கு மேல் பேச வேண்டியதில்லை.

இரண்டாவது வழி, போட்டோவைக் கணினியில் திறந்து ஒவ்வொரு மூலையின் பிக்சல் ஆள்கூறையும் எடுத்துக் கணக்குப் போடுவது. வேகமான வழி, முக்கோணமே தேவையில்லை. ஆனால் சாய்வாக எடுத்த போட்டோவில் கமராவுக்கு அருகில் இருக்கும் பக்கம் பெரிதாக விழும். எங்கள் படத்தில் 12 மீட்டர் வீதிப் பக்கம் 408 பிக்சல், அதாவது மீட்டருக்கு 34. பின்பக்கம் 13.15 மீட்டர் 421 பிக்சல், மீட்டருக்கு 32. எந்த விகிதத்தை எடுப்பது? பரப்பளவில் விகிதம் இரண்டு தடவை பெருக்கப்படுவதால், 34 வைத்துப் போட்ட கணக்குக்கும் 32 வைத்துப் போட்ட கணக்குக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு பேர்ச் வித்தியாசம். கொழும்பில் ஒரு பேர்ச்சின் விலை தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

முக்கோண வழியில் சர்வேயர் எழுதிய நீளங்கள் அப்படியே கணக்குக்குள் போகின்றன. போட்டோ எவ்வளவு சாய்ந்தாலும் 28.02 என்ற எழுத்து 28.02தான். ஐந்து மூலைக் காணிக்கு இரண்டு மூலைவிட்டங்கள் போதும், மூன்று முக்கோணம் கிடைக்கும். போட்டோவிலிருந்து அளக்க வேண்டியவை அந்த இரண்டு கோடுகள் மட்டுமே. மூன்று பக்கமும் தெரிந்தபின் ஹெரோனின் சூத்திரம்:

```
s = (a + b + c) / 2
A = sqrt(s*(s-a)*(s-b)*(s-c))
```

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்: மூலைவிட்டத்தை எங்கே போடுவது? முக்கோணமாகப் பிரித்தால் போதும், எப்படிப் பிரித்தாலும் ஒன்றுதான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எல்லா அளவும் துல்லியமாக இருந்தால் அது சரி. போட்டோவில் அளக்கும் கோடு அவ்வளவு துல்லியமாக வராது. 1:500 பிளானில் 20 சென்ரிமீட்டர் என்பது தாளில் 0.4 மில்லிமீட்டர், ஏறக்குறைய பேனாக் கோட்டின் தடிப்பு. அந்தப் பிழை வரும் என்று வைத்துக்கொண்டே வெட்ட வேண்டும்.

பார்த்தவுடன் கை போவது அ–ஈ கோட்டுக்கு. வளைவைத் தனியாக வெட்டிவிட்டு மீதியை நாற்கோணமாகப் பார்க்கத் தோன்றும். அந்த வளைவு முக்கோணத்தின் பக்கங்கள் 16.00, 14.20, அளந்த அ–ஈ 30.00. பரப்பளவு 26 சதுர மீட்டர், ஒரு பேர்ச்சுக்குச் சற்று மேல். அதே கோட்டை 29.80 என்று வாசித்தால் 36.4 ஆகிவிடுகிறது. 30.20 என்று வாசித்தால் 16.00 உம் 14.20 உம் சேர்ந்து அதே 30.20, முக்கோணம் படுத்துவிடும், பரப்பளவு பூச்சியம். பேனாக் கோட்டின் தடிப்புக்குள் ஒரு முழு பேர்ச் காணாமல் போகிறது. இதைவிடக் கொஞ்சம் கூட வாசித்தால் வர்க்கமூலத்துக்குள் மறை எண் வந்து கணக்கே பிழை காட்டும். அப்படிக் காட்டினால் குறை சூத்திரத்தில் இல்லை, வெட்டிய இடத்தில்.

நான் வெட்டியது உ-விலிருந்து: உ–ஆ 21.01, உ–இ 19.06. இப்போது அ மூலையிலும் ஈ மூலையிலும் கோணம் செங்கோணத்துக்குக் கிட்ட இருக்கிறது. இரண்டு பக்கங்களின் நீளம் மாறாமல் இருக்க, அவற்றுக்கு இடையே செங்கோணம் இருக்கும்போதுதான் முக்கோணத்தின் பரப்பளவு உச்சத்தில் இருக்கும். உச்சத்துக்கு அருகில் எதிர்ப்பக்கம் கொஞ்சம் கூடிக் குறைந்தாலும் பரப்பளவு அசையாது. உ–இ ஐ 20 சென்ரிமீட்டர் கூட்டினால் ஈ மூலை முக்கோணம் 93.32 இலிருந்து 93.36 ஆகிறது, அவ்வளவுதான்.

மூன்றும் சேர்ந்து 95.44 + 200.17 + 93.32 = 388.93 சதுர மீட்டர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீட்டர், ஆகவே 15.38 பேர்ச். யாழ்ப்பாணக் கணக்கில் பழகியவர்களுக்கு, பத்து பேர்ச் ஒரு பரப்பு என்பதால், ஒன்றரைப் பரப்புக்குச் சற்று மேல். நடு முக்கோணம் மட்டும் அளவுப் பிழையைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இரண்டு மூலைவிட்டத்தையும் 20 சென்ரிமீட்டர் கூட்டிப் போட்டுப் பார்த்தேன்: 392.6, அதாவது 15.52 பேர்ச். ஒரு பேர்ச் பறிபோவதற்கும் ஏழில் ஒரு பேர்ச் ஆடுவதற்கும் உள்ள வித்தியாசம் கோட்டை எங்கே போட்டோம் என்பதில் இருக்கிறது.

மூலைவிட்டத்தை அளக்கும் முன் போட்டோவை நேராக்க வேண்டும். போனில் உள்ள ஸ்கேன் வசதியில் தாளின் நாலு மூலையையும் பிடித்தால் சாய்வு பெரும்பாலும் போய்விடும். அப்புறம் ஐந்து பக்கங்களுக்கும் மீட்டருக்கு எத்தனை பிக்சல் என்று பாருங்கள். ஒரு வீத வித்தியாசத்துக்குள் எல்லாம் ஒத்துப்போனால் அந்தச் சராசரியை வைத்து மூலைவிட்டத்தை அளக்கலாம். ஒரு பக்கம் மட்டும் தனியே விலகினால், எழுத்தை வாசித்ததில் தவறு இருக்கும். மங்கிய போட்டோவில் 3 உம் 8 உம் ஒன்றுபோலத் தெரியும். தாள் மடிந்திருந்தால் இந்த நேராக்கல் உதவாது, வேறு போட்டோ கேட்பதே மேல்.

பிளானில் மூலைகளின் ஆள்கூறுகளே அட்டவணையாக இருந்தால் நான் முக்கோணத்தை விட்டுவிடுவேன்; அங்கே ஆள்கூற்றுக் கணக்குதான் சிறந்தது. கால்வாய் ஓரமாக வளைந்து போகும் எல்லையுள்ள காணியில் நான் இதைச் செய்து பார்த்ததில்லை. சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைத்துத்தான் போட வேண்டும் என்று நினைக்கிறேன், ஆனால் அங்கே மெல்லிய முக்கோணங்கள் தவிர்க்க முடியாமல் வரும். உறுதி எழுதும் கட்டத்துக்கு இவை எதுவும் போதாது, பதிவுபெற்ற சர்வேயர்தான் அளக்க வேண்டும். முற்பணம் கொடுப்பதற்கு முன், தரகர் சொன்ன எண்ணோடு ஒத்துப் பார்க்க, அ-விலிருந்து இன்னொரு விதமாகவும் ஒருமுறை வெட்டிக் கணக்குப் போடுங்கள். இரண்டு விடைகளுக்கும் இடையே அரைப் பேர்ச்சுக்கு மேல் இடைவெளி வந்தால், மெல்லிய முக்கோணம் எதில் இருக்கிறதோ அந்த விடையை ஒதுக்கிவிடலாம்.