விடுப்பு முடிந்து வரும் மேலாளருக்கு ஜிரா போர்டிலிருந்து நிலவரம் தயாரித்தல்: நெடுநாள் பயன்பாட்டு அனுபவம்

வேறொரு நிறுவனத்தில் பணியாற்றும் நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய மேலாளர் விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வருகிறார். போன வாரத்திலிருந்து போர்டில் என்னென்ன மாறியிருக்கிறது என்று ஒரு பட்டியல் தர வேண்டும். ஜிராவில் அதற்கென்று ஒரு பொத்தான் இருக்குமே, அது எங்கே என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு பொத்தான் இல்லை. பல ஆண்டுகளாக இதே வேலையை இதே கருவியில் செய்து வருபவன் என்ற முறையில், அவருக்கு எழுதிய பதிலை விரித்து இங்கே தருகிறேன். போர்டு, டிக்கெட், ஃபில்டர் ஆகியவை படிப்பவர்களுக்குப் பழக்கமானவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

போர்டு இன்றைய நிலையை மட்டுமே காட்டும். மேலாளர் புறப்பட்ட அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட்டையும் இன்றைய ஸ்கிரீன்ஷாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் அந்த ஒப்பீட்டில் மிக முக்கியமான டிக்கெட்டுகளே தப்பிவிடும். PAY-118 என்று ஒரு டிக்கெட் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவர் போகும்போது அது `In Progress` நெடுவரிசையில் இருந்தது, இன்றும் அங்கேயே இருக்கிறது. இடையில் அது இரண்டு முறை `In Review` வரை போய், இரண்டு முறையும் திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறது. போர்டைப் பார்த்தால் அதில் ஒன்றுமே நடக்கவில்லை என்றுதான் தோன்றும். அந்த வாரத்தின் பெரிய செய்தியே அதுவாக இருக்கலாம்.

ஃபில்டர் எழுதத் தெரிந்தவர்கள் முதலில் `updated >= -7d` என்று போட்டுப் பார்ப்பார்கள். இதில் இரண்டு கோளாறுகள் உண்டு. முதலாவது, ஒரு டிக்கெட்டில் யார் எதைத் தொட்டாலும் `updated` நேரம் புதுப்பிக்கப்படும்: கருத்துரை, கோப்பு இணைப்பு, லேபிள் திருத்தம், எதுவானாலும் கணக்குத்தான். வாரத்தின் நடுவே யாராவது ஒருவர் பழைய டிக்கெட்டுகள் அனைத்தையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரு லேபிளைச் சேர்த்துவிட்டால், திங்களன்று பட்டியல் முழுவதும் அவையே நிரம்பியிருக்கும். உண்மையில் நகர்ந்தவை அந்தக் கூட்டத்துக்குள் எங்கோ இருக்கும்.

இரண்டாவது கோளாறு கண்ணுக்குத் தெரியாதது. `-7d` என்றால் ஏழு நாள்காட்டி நாட்கள் அல்ல. இந்த நொடியிலிருந்து பின்னோக்கி ஏழு முழு நாட்கள். திங்கள் காலை பத்தரைக்கு ஓட்டினால், போன திங்கள் காலை ஒன்பது மணிக்கு நடந்தது வெளியே போய்விடும். அதே ஃபில்டரை மாலையில் ஓட்டினால் போன திங்களன்று நடந்தவற்றில் இன்னும் பல விடுபடும். `startOfDay(-7d)` என்று எழுதினால் நாளின் தொடக்கத்திலிருந்து எண்ணும், இந்தக் குறை தீரும். ஆனால் "போன வாரம்" என்ற எல்லையே பெரும்பாலும் தவறானது. மேலாளர் கடைசியாகப் போர்டைப் பார்த்த நேரம் எதுவோ, அதுவே எல்லை. அவர் 2025 மார்ச் 7, வெள்ளிக்கிழமை நண்பகலில் கிளம்பி 17ஆம் தேதி திங்களன்று திரும்புகிறார் என்றால், அந்த வெள்ளி பிற்பகலில் நடந்தவையும் அவருக்குப் புதிய செய்திதான். வார இறுதிக்கு முன் அவசர அவசரமாக நகர்த்தப்படும் டிக்கெட்டுகள் அந்தப் பிற்பகலில்தான் அதிகம். ஆகவே தேதியையும் மணியையும் வெளிப்படையாகவே எழுதிவிடுவது நல்லது.

இப்போது இந்தக் கருவியில் எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சி தரும் இடத்துக்கு வருகிறேன். டிக்கெட்டின் வரலாற்றுக்குள்ளேயே தேடக்கூடிய `CHANGED` என்ற சொல் அது.

```
project = PAY AND status CHANGED
AFTER "2025/03/07 12:00"
```

இது இன்றைய நிலையைப் பார்ப்பதில்லை. அந்த நேரத்துக்குப் பிறகு நிலை ஒரு முறையேனும் மாறியதா என்று மட்டுமே பார்க்கிறது. போய்த் திரும்பி அதே இடத்தில் நிற்கும் PAY-118 இதில் மாட்டிக்கொள்ளும். லேபிள் ஒட்டப்பட்டவை வராது. இன்னும் கூர்மையாகக் கேட்க வேண்டுமென்றால், எங்கிருந்து எங்கே என்பதையும் சேர்க்கலாம்:

```
project = PAY AND status CHANGED
FROM "In Review" TO "In Progress"
AFTER "2025/03/07 12:00"
```

பரிசீலனையில் திருப்பப்பட்டவை மட்டும் கைக்கு வந்துவிடும். `TO` பகுதியை நீக்கிவிட்டு `FROM "Done"` என்று மாற்றினால், முடிந்ததாக அறிவிக்கப்பட்டு மீண்டும் திறக்கப்பட்டவை வரும். விடுப்புக்கு முன் "அது முடிந்துவிட்டது" என்று மேலாளர் மேலிடத்துக்குச் சொல்லியிருக்கக்கூடிய டிக்கெட்டுகள் இவைதான் என்பதால், நான் எப்போதும் இதைத்தான் முதலில் ஓட்டுகிறேன். ஒரே ஒரு எச்சரிக்கை: புதிதாக உருவாக்கப்பட்டு இன்னும் நகராத டிக்கெட்டுக்கு நிலை மாற்றமே இல்லை என்பதால் அது `CHANGED` தேடலில் வராது. அதற்கு `project = PAY AND created >= "2025/03/07 12:00"` என்று தனியாக ஒரு தேடல் வேண்டும்.

இவ்வளவு அழகாகக் கண்டுபிடித்துக் கொடுக்கும் அதே கருவி, கண்டுபிடித்ததைச் சொல்லாமல் வாயை மூடிக்கொள்கிறது என்பதுதான் என் நெடுநாள் எரிச்சல். தேடல் முடிவில் வரும் பட்டியலில் டிக்கெட்டின் இன்றைய நிலை இருக்கும். எந்த நிலையிலிருந்து வந்தது, எப்போது வந்தது, யார் நகர்த்தினார்கள் என்பதற்கு நெடுவரிசை கிடையாது. வரலாற்றைப் படித்துத்தானே இந்தப் பட்டியலைத் தந்தாய், படித்ததைக் காட்டினால் என்ன என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு டிக்கெட்டாகத் திறந்து, கீழே இறங்கி, `History` பகுதிக்குப் போய், அங்கே விவரணைத் திருத்தங்களுக்கும் இணைப்புகளுக்கும் நடுவே நிலை மாற்ற வரியைத் தேட வேண்டும். பத்துப் பன்னிரண்டு டிக்கெட் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். நாற்பது என்றால் அரை நாள் போய்விடும். நியாயமாகச் சொல்வதென்றால், நிரல் எழுதத் தெரிந்தவருக்கு வழி இருக்கிறது: கிளவுட் பதிப்பில் `/rest/api/3/issue/PAY-118/changelog` என்ற முகவரி முழு வரலாற்றையும் தந்துவிடும். ஆனால் ஒரு பக்க நிலவரக் குறிப்புக்காக நிரல் எழுதச் சொல்வது நியாயமா என்பது வேறு கேள்வி.

இன்னொரு வரம்பையும் தெரிந்துகொண்டே இதை நம்ப வேண்டும். `CHANGED` எல்லாப் புலங்களுக்கும் வேலை செய்யாது. நிலை, பொறுப்பாளர், முன்னுரிமை, தீர்வு, வெளியீட்டுப் பதிப்பு போன்ற சிலவற்றுக்கே அது பொருந்தும். கெடு தேதி அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு டிக்கெட்டின் கெடுவை இரண்டு வாரம் தள்ளிவைத்திருந்தால், அது நெடுவரிசையில் அசையாமல் இருக்கும், நிலைத் தேடலிலும் வராது. மேலாளர் கட்டாயம் அறிய வேண்டிய மாற்றமோ அதுவே. ஆகவே கெடு உள்ள டிக்கெட்டுகளை மட்டும் `updated` கொண்டு வடிகட்டி, அவற்றின் வரலாற்றைக் கண்ணால் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஸ்பிரிண்டுக்குள் இடையில் நுழைந்தவற்றுக்கு இந்தப் பாடு வேண்டாம்: ஸ்பிரிண்ட் அறிக்கையில், தொடங்கிய பின் சேர்க்கப்பட்டவற்றின் எண்ணருகே நட்சத்திரக் குறி இருக்கும், வெளியேற்றப்பட்டவை தனியே தொகுக்கப்பட்டிருக்கும்.

அழிக்கப்பட்ட டிக்கெட் எந்தத் தேடலிலும் வராது. எண் வரிசையில் 121க்குப் பிறகு 123 வந்தால் இடையில் ஒன்று அழிந்தது அல்லது வேறு திட்டத்துக்கு மாற்றப்பட்டது என்று ஊகிக்கலாம், அவ்வளவுதான். அழிக்கும் உரிமையை எல்லோருக்கும் கொடுக்காமல், வேண்டாதவற்றைக் காரணம் குறித்து மூடிவிடும் வழக்கம் இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. அதுபோலவே, போர்டின் அடிப்படை ஃபில்டரையோ நெடுவரிசை அமைப்பையோ யாராவது திருத்தினால், டிக்கெட்டுகள் கண்ணில் இருந்து மறையும். டிக்கெட்டின் வரலாற்றில் அதற்கு ஒரு சுவடும் இருக்காது. "பாதி போர்டைக் காணோமே" என்று மேலாளர் கேட்கும் முன், அந்த அமைப்பு மாறியதா என்று நிர்வாகியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நலம்.

தேடல்களின் முடிவை அப்படியே ஏற்றுமதி செய்து அனுப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது நிலவரம் ஆகாது. "PAY-118 இப்போது In Progress" என்ற வரியால் அவருக்கு என்ன பயன்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "PAY-118, பணத்தைத் திருப்பித் தரும் பகுதி: 11ஆம் தேதியும் 13ஆம் தேதியும் பரிசீலனையில் திரும்பியது. ஒரே தொகை இரு முறை போகும் வாய்ப்பு இருப்பதே இரண்டு முறையும் காரணம். வடிவமைப்பை மாற்றினால் வெளியீடு தள்ளிப்போகும். தள்ளலாமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்." இதில் தேதிகள் மட்டுமே கருவி தந்தவை. காரணம் கருத்துரைகளில் புதைந்திருந்தது. முடிவு யாருடையது என்பதை உரியவரிடம் கேட்டுத்தான் அறிய முடிந்தது. குறிப்பில் மேலாளரின் முடிவுக்காகக் காத்திருப்பவை முதலில், மீண்டும் திறக்கப்பட்டவையும் திருப்பப்பட்டவையும் அடுத்து, கெடு நகர்ந்தவை அதன் பின். முடிந்தவற்றை ஒரே வரியில் எண்களாகத் தொகுத்துவிட்டால் போதும். அவற்றை அவர் விரித்துப் படிக்கப் போவதில்லை.

மாறாதவையும் மாற்றங்களோடு சேர்ந்தே சொல்லப்பட வேண்டியவை என்பதை மறக்கிறவர்கள் அதிகம். பத்து நாளாக `In Progress` நிலையிலேயே அசையாமல் கிடப்பதும் செய்திதான், அதற்கும் இதே மொழியில் வழி இருக்கிறது:

```
project = PAY AND status = "In Progress"
AND NOT status CHANGED
AFTER "2025/03/07 12:00"
```

இதில் வருபவை எல்லாமே தேங்கியவை என்று எண்ணிவிடக் கூடாது; பெரிய வேலை ஒன்று நியாயமாகவே இரண்டு வாரம் எடுக்கலாம். கருத்துரை எதுவும் வராதவற்றை மட்டும் உரியவரிடம் கேட்டுக்கொண்டு குறிப்பில் சேர்க்கிறேன்.

வரலாற்றுத் தேடலில் ஜிரா காட்டும் கூர்மையை மேலே மனதாரப் பாராட்டியிருக்கிறேன், அதில் ஒரு சொல்லையும் திரும்பப் பெறவில்லை. இருந்தும் நண்பர், "அப்படியானால் எங்கள் நிறுவனத்தின் மற்றக் குழுக்களுக்கும் இதையே வாங்கலாமா?" என்று கேட்டபோது, இந்த ஒரு வேலைக்காக என்றால் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அன்று காலைதான் நாற்பது டிக்கெட்டுகளின் `History` பகுதியை ஒவ்வொன்றாகத் திறந்து மூடியிருந்தேன். வேறொரு நாள் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.