12 அடி ஏணியா, 16 அடி ஏணியா?

சுங்கை சிப்புட் பக்கத்து வீடொன்றில், 12 அடி உயரத் தகரக் கூரையில் ஏறிப் பீலியை அடைத்த இலைகளை அள்ள வேண்டும். உயரத்தில் கால் பங்கு, அதாவது 3 அடி, ஏணியின் அடி சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். சாய்வு ஏறக்குறைய 75 பாகை.

12 அடி ஏணி விலை குறைவு, தூக்கவும் லேசு. ஆனால் அந்தச் சாய்வில் 11.6 அடிதான் எட்டும். எட்டவைக்க அடியைச் சுவரோரம் தள்ளினால் பின்னால் மல்லாக்கச் சாயும்.

16 அடி ஏணியில் விளிம்பு வரை 12.4 அடி போகும், மீதி 3.6 அடி கூரைக்கு மேல் நிற்கும். இறங்கி ஏறக் கைப்பிடிக்க 3 அடியாவது வேண்டும். நான் இதைத்தான் வாங்குவேன். நீட்டு ஏணியென்றால், இரு துண்டுகளும் ஒன்றின்மேல் ஒன்று படியும் அளவைக் கழித்து, முழுக்க நீட்டிய நீளத்தைக் கடையிலேயே அளந்துகொள்ளுங்கள்.