ஒரே மைனஸ் 2.2, இரண்டு எதிரெதிர் கேண்டில்கள்: புதன்கிழமை க்ரூட் ரிப்போர்ட்டோடு என் அனுபவம்

நம் கமாடிட்டி சந்தையான எம்.சி.எக்ஸில் க்ரூட் ஆயில் பார்க்க ஆரம்பிக்கிற எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி: "ஸ்டாக் குறைஞ்சா விலை ஏறணும்தானே?" அமெரிக்க எரிசக்தித் தகவல் நிறுவனமான இ.ஐ.ஏ.வின் வார அறிக்கையைப் பல வருடங்களாகச் சார்ட்டோடு சேர்த்து வைத்துப் பார்த்து வருகிறேன். இந்தக் கேள்விக்கு 2023-இல் அடுத்தடுத்து வந்த இரண்டு புதன்கிழமைகளை விட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை.

அதற்கு முன் அறிக்கையைப் பற்றிக் கொஞ்சம். முந்தைய வெள்ளிக்கிழமையோடு முடிந்த வாரத்தில் அமெரிக்கத் தொட்டிகளில் எவ்வளவு எண்ணெய் இருந்தது என்கிற கணக்கு இது. புதன்கிழமை அங்கே காலை பத்தரைக்கு வெளியாகும். நமக்கு அது கோடையில் இரவு 8 மணி, அவர்கள் கடிகாரத்தை மாற்றிய பிறகு குளிர்காலத்தில் 9 மணி. அங்கே திங்கள் விடுமுறை என்றால் பெரும்பாலும் வியாழனுக்குத் தள்ளிப்போகும். புதன் இரவு திரையைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் புதியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன்.

இனி அந்த இரண்டு வாரங்கள். 2023 செப்டம்பர் 27 அறிக்கையில் க்ரூட் ஸ்டாக் 22 லட்சம் பேரல் குறைந்திருந்தது, மில்லியன் கணக்கில் மைனஸ் 2.2. அன்று அமெரிக்க க்ரூடின் அளவுகோலான டபிள்யூ.டி.ஐ. பேரலுக்கு 90.39 டாலரிலிருந்து 93.68-க்கு ஏறி முடிந்தது, அதாவது 3.6 சதவீதம். அடுத்த அறிக்கை அக்டோபர் 4. அதிலும் ஸ்டாக் அதே 22 லட்சம் பேரல்தான் குறைந்திருந்தது. ஆனால் அன்று விலை 89.23-லிருந்து 84.22-க்கு விழுந்தது, 5.6 சதவீதச் சரிவு. இரண்டு முறையும் சந்தை எதிர்பார்த்ததை விட அதிகமாகவே க்ரூட் குறைந்திருந்தது. எனவே "எதிர்பார்ப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்ற வழக்கமான அறிவுரையும் இங்கே போதவில்லை.

தலைப்பு எண்ணுக்குக் கீழே இருந்த வரிகளில்தான் வித்தியாசம். செப்டம்பர் 27 அறிக்கையில் எல்லோரும் பார்த்தது குஷிங் வரி. ஓக்லஹோமாவில் இருக்கும் இந்த ஊரில்தான் டபிள்யூ.டி.ஐ. காண்ட்ராக்டின் டெலிவரி நடக்கிறது. அங்கே இருப்பு 2 கோடியே 20 லட்சம் பேரலுக்குக் கீழே போயிருந்தது. தொட்டியின் அடிமட்டத்தில் இருக்கும் எண்ணெயை முழுதாக எடுக்க முடியாது, பம்பும் தரமும் இடம் கொடுக்காது. எனவே இருப்பு அந்த மட்டத்துக்கு வந்தாலே டெலிவரிக்கு எண்ணெய் கிடைக்குமா என்ற பதற்றம் வந்துவிடும். அந்தப் பதற்றம்தான் அன்று சார்ட்டில் ஏற்றத்தைக் காட்டிய பச்சைக் கேண்டில்.

அக்டோபர் 4-இல் கவனம் பெட்ரோல் வரிக்குப் போனது. பெட்ரோல் இருப்பு 65 லட்சம் பேரல் கூடியிருந்தது. சந்தை அவ்வளவு எதிர்பார்க்கவே இல்லை. தேவையைக் காட்டும் 'ப்ராடக்ட் சப்ளைடு' வரியில் பெட்ரோல் ஒரு நாளைக்குச் சுமார் 80 லட்சம் பேரலுக்கு இறங்கியிருந்தது, அந்த வருடத் தொடக்கத்துக்குப் பிறகு இவ்வளவு குறைந்ததில்லை. சுத்திகரிப்பு ஆலை க்ரூடை வாங்குவதே பெட்ரோலாகவும் டீசலாகவும் விற்கத்தான். பெட்ரோல் தேங்கினால் அடுத்த வாரங்களில் ஆலை க்ரூட் வாங்குவதைக் குறைக்கும். சந்தை அதை அன்றே விலையில் வைத்துவிட்டது.

இதில் நான் மிக முக்கியமாக நினைப்பது இன்னொன்று. சவுதி அரேபியாவும் ரஷ்யாவும் தங்கள் உற்பத்திக் குறைப்பை வருடக் கடைசி வரை தொடர்வதாக உறுதிப்படுத்தியதும் அதே அக்டோபர் 4-இல்தான். ஸ்டாக் குறைந்தது, சப்ளைக் குறைப்பும் தொடர்ந்தது, ஆனாலும் விலை 5 டாலர் விழுந்தது. குறைப்பு ஏற்கெனவே தெரிந்த செய்தி. தேவை சரிந்ததுதான் புதிய செய்தி. சார்ட் புதிய செய்திக்குத்தான் அசையும்.

அந்த 5 டாலரை நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். அப்போது டாலர் 83 ரூபாய்க்குப் பக்கம். பேரலுக்கு 415 ரூபாய் போல. மெயின் லாட் 100 பேரல் என்பதால் 41,000 ரூபாய்க்கு மேல், 10 பேரல் கொண்ட CRUDEOILM என்ற மினி லாட்டில் 4,000 ரூபாய்க்கு மேல். புதியவர்கள் மினியில்தான் தொடங்க வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

எட்டு மணிக்குச் சார்ட்டில் நடப்பது இது: முதல் சில நொடிகளில் இயந்திர ஆர்டர்கள் தலைப்பு எண்ணை மட்டும் படித்துப் பாயும். க்ரூட் குறைந்திருந்தால் மேலே ஒரு குத்து. அதன்பிறகுதான் குஷிங், பெட்ரோல், டீசல், ஆலைகளின் இயக்க சதவீதம் எல்லாம் படிக்கப்படும். முதல் ஐந்து நிமிடக் கேண்டில், விலை மேலே போய்த் திரும்பியதைக் காட்டும் நீண்ட மேல் விக்கோடு முடிந்து, அடுத்த கேண்டில் அதன் அடிப்பகுதியை உடைத்தால், கீழ்வரிகள் தலைப்பை மறுக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறேன். அறிக்கையைத் திறந்தால் பெரும்பாலும் காரணம் அங்கே இருக்கும். இல்லாவிட்டால் அந்த இறக்கத்தை நான் நம்புவதில்லை. முதல் கேண்டிலுக்குள் ஆர்டர் போடுவதும் இல்லை. அந்த நொடிகளில் பை-செல் இடைவெளி விரியும், ஸ்டாப் லாஸ் நாம் வைத்த விலையில் நிற்காது.

செவ்வாய் இரவு ஏ.பி.ஐ. என்ற அமெரிக்கத் தொழில் அமைப்பின் கணக்கும் வரும். நமக்கு அது பின்னிரவு, எம்.சி.எக்ஸ். மூடியிருக்கும். புதன் காலை 9 மணி விலையில் அது ஏற்கெனவே கலந்திருக்கும். இரவு இ.ஐ.ஏ.வும் அதையே சொன்னால் பெரிய அசைவு இருக்காது. இரண்டும் முரண்படும் இரவுகள்தான் வேகமானவை.

சப்ளை முடிவுகள் வேறு ஜாதி. அறிக்கைக்கு நேரம் உண்டு, ஆச்சரிய அறிவிப்புக்கு இல்லை. 2023 ஏப்ரல் 2, ஞாயிற்றுக்கிழமை, எண்ணெய் உற்பத்தி நாடுகளின் கூட்டணியான ஒபெக் ப்ளஸில் சவுதி உள்ளிட்ட நாடுகள் மே மாதம் முதல் நாளுக்குச் சுமார் 11.6 லட்சம் பேரல் குறைப்பதாக யாரும் எதிர்பாராமல் அறிவித்தன. வெள்ளிக்கிழமை 75.67-இல் முடிந்த டபிள்யூ.டி.ஐ. திங்களன்று 80.42-இல் முடிந்தது. வெள்ளி விலைக்கு வெகு மேலே திறந்ததால் சார்ட்டில் ஒரு பெரிய இடைவெளி, அதாவது கேப் அப். ஏப்ரல் 12-இல் 83.26 வரை போனது. பிறகு பொருளாதார மந்தநிலை பயமும் அமெரிக்க வங்கிச் சிக்கலும் சேர, ஏப்ரல் 26-இல் 74.30-க்கு இறங்கிக் கேப்பை முழுதாக நிரப்பிவிட்டது. அறிவித்த குறைப்பு அப்போது தொடங்கவே இல்லை.

அதனால் இப்படிப்பட்ட கேப் வந்தால் கேப்புக்கு முந்தைய வெள்ளி விலையில் ஒரு கோடு போட்டு வைத்துவிடுகிறேன். அடுத்த புதன்கிழமைகளில் பெட்ரோல், டீசல் இருப்பு தொடர்ந்து குறைந்தால் கேப் தாங்கும் என்று பார்ப்பேன், கூடிக்கொண்டே போனால் விலை அந்தக் கோட்டை நோக்கி வர வாய்ப்பு அதிகம். இது எப்போதும் பலிக்கும் விதி இல்லை, போர்ச் செய்தி ஒன்று வந்தால் ஒரே நாளில் மாறிவிடும்.

ஸ்டாப் லாஸ் இந்த இடத்தில் உதவாது. அந்த வெள்ளி இரவு, விலை இறங்கும் என்று மினியில் ஒரு லாட் விற்று வைத்திருந்தவருக்கு, திங்கள் காலை 9 மணிக்குச் சந்தை திறந்ததே அவர் ஸ்டாப்பைத் தாண்டித்தான். 4 டாலர் கேப் என்றாலும் அன்றைய ரூபாய் மதிப்பில் லாட்டுக்கு 3,200 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். ஒபெக் ப்ளஸ் கூட்டம் இருக்கும் வார இறுதிகளில் நான் ஃப்யூச்சர் பொசிஷனை வெள்ளி இரவே முடித்துவிடுகிறேன். கட்டாயம் வைத்திருக்க வேண்டுமானால், நஷ்டம் ப்ரீமியத்தோடு நிற்கும்படி ஆப்ஷன் வாங்கி வைக்கிறேன்.