வாட்ச் கண்ணாடிக்குள் ஆவியா? ஹேர் டிரையர் அடித்துக் கொடுத்தால் பணம் கொடுக்காதீர்கள்

வேளச்சேரிக்காரர் ஒருவரின் ஆட்டோமேட்டிக் வாட்ச் என்னிடம் பழுதுக்கு வந்தது. ஐப்பசி மழையில் பைக்கில் போனவர், ஆபீஸ் ஏசிக்குள் நுழைந்ததும் கண்ணாடியின் உட்புறம் ஆவி படிந்ததைப் பார்த்திருக்கிறார். பக்கத்துக் கடையில் பின்மூடியைத் திறந்து, ஹேர் டிரையர் அடித்து, அதே பழைய வாஷரைப் போட்டு மூடி, "சரியாயிடுச்சு சார்" என்று காசு வாங்கிவிட்டார்கள். பில்லும் கிடையாது. ஒரு மாதத்தில் சாவி திருகவே வரவில்லை.

இப்போது திறந்து பார்த்தால் சாவித் தண்டு முழுக்கத் துரு. துருப்பொடி பக்கத்துப் பற்சக்கரங்கள் வரை போயிருந்தது. அன்றே செய்திருந்தால் உலர்த்தி, சுத்தம் செய்து, வாஷர் மாற்றுவதோடு முடிந்திருக்கும். இப்போது மிஷின் முழுவதையும் பிரித்துக் கழுவி, தண்டையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அந்தக் கடை செய்த தவறு இதுதான்: ஆவி மறைவதும் ஈரம் வெளியேறுவதும் ஒன்றல்ல. கையின் சூட்டில் உள்ளே இருக்கும் ஈரம் காற்றோடு கலந்திருக்கும். கண்ணாடி குளிர்ந்ததும் அதில் படியும். மறுபடி சூடேறினால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் உள்ளேதான் இருக்கும். பின்மூடியை மட்டும் திறந்து சூடான காற்று அடித்தால் டயலுக்கும் மிஷினுக்கும் நடுவில் இருக்கும் ஈரம் அப்படியே தங்கிவிடும். அரிசி டப்பாவில் போடுவது, வெயிலில் வைப்பது எல்லாமும் இந்த ரகம்தான். குவார்ட்ஸ் வாட்சாக இருந்தால் இன்னும் மோசம். பேட்டரி உள்ளேயே இருக்க, சர்க்யூட்டில் பச்சைக் களிம்பு ஏறிவிடும்.

ஈரம் புகுந்த வழியையும் அவர்கள் தேடவில்லை. பின்மூடி வாஷர் தட்டையாகி இறுகிப் போயிருந்தது. சாவிக்குள் இருக்கும் சின்ன ரப்பர் வளையமும் தேய்ந்திருந்தது. பலரும் மறந்துவிடுவது அதைத்தான். வாட்சில் 50 மீட்டர் என்று எழுதியிருப்பது புது ரப்பருக்கான கணக்கு.

வீட்டிலேயே பார்க்கலாம். வாட்சைக் கொஞ்ச நேரம் கையில் கட்டிச் சூடேற்றி, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, ஒரு நிமிஷம் கழித்துத் துடையுங்கள். அந்த இடத்தில் உட்புறம் ஆவி தெரிந்தால் ஈரம் இருக்கிறது. அன்றே கொண்டு போங்கள். அதுவரை சாவியைத் திருகி நேரம் மாற்ற வேண்டாம்.

கடையில் கேட்க வேண்டியவை: மிஷினை வெளியே எடுத்து உலர்த்தினார்களா, கழற்றிய பழைய வாஷர்கள் எங்கே, சாவி வளையம் மாறியதா, மூடிய பிறகு காற்றழுத்தச் சோதனை செய்தார்களா. சோதனை மெஷின் இல்லாத கடை என்றால் உலர்த்துவதோடு நிறுத்தச் சொல்லி, சோதனையை வேறிடத்தில் செய்யுங்கள். பெசன்ட் நகர் அலையில் நனைந்த வாட்ச் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருந்தால் வெறுமனே உலர்த்தினால் உப்பு அங்கேயே நிற்கும், கழுவித்தான் ஆக வேண்டும்.